பில் போட மறுத்த பிஸ்கட்

மே 20, காலை நேரம். ஒரு பலசரக்குக் கடையின் பில் கவுண்டர் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்ததும் ‘காலாவதியான சரக்கு’ என்று காட்டி, கணினி பில் போட மறுக்கிறது. பாக்கெட்டில் இருப்பதோ 05/11/2026. நவம்பர் வரை தாங்கும் சரக்கு. கடைக்காரர் உடனே மென்பொருள் நிறுவனத்துக்கு மெயில் அனுப்புகிறார்: “சாஃப்ட்வேர் வேலை செய்யலை. ரொம்ப அவசரம்!!!”

இதை வைத்து அங்கே இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. அவருடைய கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. “என்ன பிழை வந்தது?” என்று அவர் திருப்பிக் கேட்பதிலேயே ஒரு நாள் போய்விடும்.

கடைக்காரர் சரக்குப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும். 25/11/2026 என்ற சரக்கு சரியாக இருக்கிறது. 05/11/2026 மட்டும் மே 11 ஆகியிருக்கிறது. கணினி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. 25-ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் அந்தத் தேதி தப்பித்துவிட்டது. நாள் 12-ஐத் தாண்டாத தேதிகள்தான் புரண்டிருக்கின்றன.

இனி, இந்த இரண்டு தேதிகளை மட்டும் கொண்ட சின்ன எக்செல் கோப்பு ஒன்றைத் தயாரித்து, அதிலும் பிழை வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம்:

“இணைத்துள்ள கோப்பைச் சரக்கு வரவில் ஏற்றவும். பிறகு சரக்குப் பட்டியலைத் திறக்கவும். முதல் வரியில் 11 மே 2026 என்று வருகிறது. 5 நவம்பர் 2026 என்று வர வேண்டும். இரண்டாவது வரி சரி. மூன்று முறை செய்தும் இதே நிலைதான். திங்களன்று புதுக் கணினிக்கு மாறினோம். அதற்கு முன் இப்படி ஆனதில்லை.”

கூடவே மென்பொருளின் பதிப்பு எண்ணும் முழுத்திரைப் படமும் போக வேண்டும். ‘என்ன வர வேண்டும்’ என்ற வரியை விட்டுவிடக் கூடாது. அமெரிக்க வழக்கப்படி பார்த்தால் மே 11 என்பதும் சரியான வாசிப்புதான். அந்த வரி இல்லாவிட்டால் படிப்பவருக்கு அது பிழையாகவே தோன்றாமல் போகலாம்.

அவசரத்தை ஆச்சரியக்குறிகளால் சொல்ல முடியாது, விளைவால்தான் சொல்ல முடியும். இங்கே பில் மறுப்பு சின்னத் தொல்லை. பெரிய ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது: 11/05/2026 அன்றே காலாவதியான பாக்கெட்டைக் கணினி நவம்பர் 5 என்று நம்பி விற்க விட்டுவிடும். “காலாவதியான உணவு விற்பனையாகிறது. இப்போதைக்குத் தேதியைக் கையால் திருத்துகிறோம். நாளை காலை 9 மணிக்கு 240 சரக்குகள் வருகின்றன, அதற்குமேல் கையால் சமாளிக்க முடியாது.” எதை முதலில் கையில் எடுப்பது என்று நிறுவனம் முடிவு செய்ய இது போதும்.

புதுக் கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அதை மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிவான தேதிகள் அதனால் தாமாகத் திருந்திவிடாது. திங்கள் முதல் ஏற்றிய சரக்குகளையும் சரிசெய்து தரும்படி அதே மெயிலில் கேட்டுவிட வேண்டும்.