செல்வி விதையைத் தோண்டிப் பார்த்தாள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் செடிகளைப் பற்றிய பாடத்தைக் கதை சொல்லித் தொடங்குவது வழக்கம்தான். பெரும்பாலும் கதை ஒரே தடத்தில் ஓடும். குழந்தை விதை போடும், பொறுமையாகக் காத்திருக்கும், பூ பூக்கும். கேட்ட பிள்ளைகள் கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். செடிதான் கதைக்குள்ளேயே முளைத்துவிட்டதே, இனி தொட்டியில் எதைப் பார்ப்பது? பாடத்துக்கு முன் சொல்கிற கதை, முளை வருவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். இப்படி:

செல்வி ஒரு மொச்சைக் கொட்டையைத் தொட்டியில் ஊன்றினாள். தண்ணீர் ஊற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை.

மறுநாள் தோண்டிப் பார்த்தாள். கொட்டை தண்ணீர் குடித்துக் குண்டாக இருந்தது. திரும்பவும் மூடினாள். அதற்கடுத்த நாளும் தோண்டினாள். வெள்ளையாகக் குட்டி வால் ஒன்று! தொட்டாள். டக்கென்று ஒடிந்துவிட்டது.

"பாட்டி!" என்று அழுதுகொண்டே ஓடினாள்.

பாட்டி இன்னொரு கொட்டை தந்தாள். "இதை ஊன்று கண்ணு. காலையில கொஞ்சமா தண்ணி தெளி. கோழி கிளறாம பாத்துக்க."

"அப்புறம் பாட்டி?"

"அப்புறம் நாளைக்கும் அதே வேலைதான்."

செல்வி ஊன்றினாள். விரல் துறுதுறுவென்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவ்வளவுதான் கதை. "நாளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் மொச்சையை எடுத்து மேசையில் வைக்கலாம்.

செல்வி கண்ட ஒவ்வொன்றும் மண்ணுக்குள் உண்மையில் நடப்பது. விதை முதலில் தண்ணீரை உறிஞ்சி உப்பும். தோல் கிழியும். முதலில் வெளியே வருவது வேர். அது கீழே இறங்கும். வேரில் மெல்லிய தூவிகள் முளைத்து மண் துகள்களைப் பற்றிக்கொள்ளும். தோண்டினால் அறுந்துபோவது அவைதான். வேர் பிடித்த பிறகே தண்டு கொக்கிபோல் வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மேலே ஒன்றும் தெரியாத நாட்களில்தான் உள்ளே இத்தனையும் நடக்கிறது. கதை சொல்லும்போதே இதை விளக்கக் கூடாது. வேரின் நுனியைப் பார்த்து ஒரு பிள்ளை "வால் ஏன் முதல்ல வருது?" என்று கேட்கும்வரை பொறுக்கலாம்.

பாட்டி "பொறுமையாக இரு" என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள், வேலை கொடுத்தாள். அமெரிக்க எழுத்தாளர் ரூத் கிராஸ் 1945-இல் வெளியிட்ட 'தி கேரட் சீட்' படக்கதையிலும் சிறுவன் சும்மா உட்காரவில்லை, களை பிடுங்கித் தண்ணீர் ஊற்றுகிறான். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் செய்த மிட்டாய்ப் பரிசோதனைகளும் இதையே காட்டின. தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது, வேறு விளையாட்டில் மனம் வைக்க முடிந்த குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள்.

இனி விதைப்பு. பச்சைப்பயறு ஒரே நாளில் முளை காட்டிவிடும், அதில் காத்திருக்க ஒன்றுமில்லை. கொத்தமல்லி பத்து நாள்கூட இழுக்கும், ஆறு வயதுக்கு அது ஒரு யுகம். மொச்சை நடுவில் நிற்கிறது: வெயில் காலத்தில் சுமார் நான்கு முதல் ஆறு நாளில் தலை காட்டும். கையில் பிடிக்கவும் பெரியது. மளிகைக் கடையின் முழு மொச்சை போதும், வறுத்ததும் உடைத்ததும் ஆகாது. விதைக்கடையில் மருந்து பூசிச் சாயமேற்றிய விதையைப் பிள்ளைகள் கையில் தரவே கூடாது.

ஞாயிறு இரவு ஊறவைத்துத் திங்களன்று ஊன்றினால், வெள்ளிவரை தினமும் குவளையைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஊன்றினால் வேடிக்கையில் பாதியை விடுமுறை விழுங்கிவிடும். விரலின் முதல் கணு ஆழம், ஒரு குவளைக்கு இரண்டு மூன்று விதை. சில முளைக்காமலே போகும்.

வகுப்பறையில் விதை சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, அன்பால். முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு வாய் ஊற்றினால் அழுகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு "தண்ணீர்க்காரர்", ஒரு "காவல்காரர்" என்று முறை வைக்கலாம். குவளையின் அடியில் துளை அவசியம்.

பத்து நாளாகியும் ஒன்றும் வராத குவளையை எல்லோருமாக உட்கார்ந்து தோண்டிப் பார்க்கலாம். கொட்டை கல்போல் இருந்தால் தண்ணீர் அதற்குள் புகவில்லை. கொழகொழவென்று நாறினால் தண்ணீர் மிகுந்துவிட்டது. அடியிலிருக்கும் துளை மண்ணால் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதே மண்ணில் மறுபடி ஊன்றாமல், புது மண் போட்டு இன்னொரு மொச்சையை வைக்கலாம்.