கழுத்தின் முளை முறிந்தால்

1956 மே 5. லண்டன் வெம்ப்லி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல்காப்பாளர் பெர்ட் டிராட்மன், பந்தைப் பிடிக்க எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்தார். மோதலில் கழுத்து நொறுங்கியது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது விதி இடம் கொடுக்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு மீதி நேரமும் கோல் கம்பத்தைக் காத்தார். அணி 3-1 என வென்றது. சில நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் உண்மை தெரிந்தது. கழுத்தில் ஐந்து எலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன, இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு அதன்மேல் போய் ஆப்புபோலச் சிக்கிக்கொண்டதால்தான் அவர் உயிர் பிழைத்தார்.

கழுத்து முறிந்த ஒருவர் எப்படி நின்று விளையாட முடிந்தது? விடை கழுத்தின் உச்சியில் இருக்கிறது. மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பான அட்லஸ் ஒரு வளையம். அதற்குக் கீழே உள்ள ஆக்சிஸிலிருந்து ஒரு எலும்பு முளை மேல்நோக்கி எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. திருகையில் கீழ்க்கல்லின் முளையைச் சுற்றி மேல்கல் சுழல்வதைப் போலத்தான் நம் தலையும் திரும்புகிறது. இடமும் வலமும் திரும்பும் அசைவில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில் நடக்கிறது. முளையை முன்பக்கமாக இழுத்துக் கட்டி வைத்திருப்பது ஒரு குறுக்கு லிகமென்ட்.

வளையத்தின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கை முளையும், இன்னொரு பங்கைத் தண்டுவடமும் எடுத்துக்கொள்கின்றன. மீதி ஒரு பங்கு காலி. அந்தக் காலியிடம்தான் காப்பு. எலும்பு சற்று நகர்ந்தாலும் தண்டுவடம் நசுங்காது. ஆகவே மேல்கழுத்து முறிந்த பலர் கைகால் செயலோடு நடந்தே மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆபத்தும் அங்கேதான். நடந்து வந்தவருக்கு வெறும் சுளுக்கு என்று தைலம் தடவி அனுப்பிவிட இடமிருக்கிறது. மூச்சை இயக்கும் நரம்புப் பாதைகள் அதே இடத்தின் வழியாகத்தான் இறங்குகின்றன.

முளை முறிவுகளை 1974-இல் ஆண்டர்சன், டி'அலோன்சோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். நுனி மட்டும் உடைவது முதல் வகை, அது அரிது. முளையின் அடிப்பகுதி உடைவது இரண்டாம் வகை. கோடு கீழிறங்கி ஆக்சிஸின் உடலுக்குள் போவது மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் எலும்பின் தொடுபரப்பு அகலம், ரத்த ஓட்டமும் நன்று. அசையாமல் வைத்தால் பெரும்பாலும் ஒட்டிவிடும். தலைவலி தருவது இரண்டாவதுதான். அடிக்கழுத்து குறுகலானது, உள்ளே பஞ்சு போன்ற எலும்பு குறைவு, அசைவு அதிகம்.

ஆகவே மருத்துவர் கேட்கும் கேள்வி 'எலும்பு உடைந்ததா?' என்பதோடு நிற்பதில்லை. 'ஒட்டும்வரை இந்த இடம் நிலையாக நிற்குமா?' என்பதுதான் முக்கியம். ஒரு முதியவரை வைத்துப் பார்க்கலாம். வயது 74, குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றி தரையில் மோதுகிறது. பிடரியில் வலி, இரு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்தபடி வருகிறார். சாதாரண எக்ஸ்ரேயில் தாடையும் பற்களும் மறைப்பதால் ஒன்றும் தெளிவாகத் தெரிவதில்லை. சி.டி. ஸ்கேன் காட்டுகிறது: இரண்டாம் வகை முறிவு, முளை பின்னோக்கி 6 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது, 12 டிகிரி சாய்ந்திருக்கிறது. அடுத்து எம்.ஆர்.ஐ. குறுக்கு லிகமென்ட் அறுந்திருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். எலும்பு ஒட்டும்; நடுவில் அறுந்த லிகமென்ட் அசையாமல் வைத்தாலும் தானாகச் சேராது. இவருக்கு லிகமென்ட் முழுதாக இருக்கிறது.

5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்வு, 10 டிகிரிக்கு மேல் சாய்வு, பின்னோக்கிய விலகல், 50 வயதைத் தாண்டிய உடல். இவை ஒவ்வொன்றும் முளை ஒட்டாமல் போகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவரிடம் நான்கும் இருக்கின்றன.

குடும்பத்தார் முதலில் கேட்பது, "ஆபரேஷன் இல்லாம சரி பண்ண முடியாதா டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கான கருவி ஹேலோ. தலையைச் சுற்றி ஓர் உலோக வளையம், அதை மண்டையோட்டின் வெளி எலும்பில் பிடித்து நிறுத்தும் நான்கு ஊசித் திருகுகள், வளையத்தைத் தோளிலும் மார்பிலும் உள்ள கவசத்தோடு இணைக்கும் கம்பிகள். போலியோவால் கழுத்துத் தசை தளர்ந்தவர்களுக்காக அமெரிக்காவில் பெர்ரி, நிக்கல் என்ற மருத்துவர்கள் 1959-இல் வெளியிட்ட முறை இது. முன்பக்கத் திருகுகள் புருவத்தின் வெளிப்பாதிக்குச் சற்று மேலே போகும். உள்பக்கம் போனால் நரம்பு, நெற்றிப்பொட்டுப் பக்கம் போனால் எலும்பு மெலிது. ஓரிரு நாளில் மறுபடி இறுக்குவார்கள். கவசத்தைக் கழற்றும் ஸ்பானரை அதன்மேலேயே ஒட்டி வைப்பது கட்டாயம். இதயம் நின்றால் மார்பை அழுத்தியாக வேண்டும்.

இருபத்தைந்து வயதுக்காரருக்கு, நகர்வு குறைந்த முறிவில், சுமார் பன்னிரண்டு வாரம் இதை அணிந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படாமல் போகலாம். 74 வயதுக்காரருக்குக் கணக்கு மாறுகிறது. கவசம் மார்பை இறுக்கி மூச்சைக் குறைக்கிறது, விழுங்கும்போது உணவு நுரையீரலுக்குள் போகிறது, நிமோனியா வருகிறது, தலைக்கனத்தில் தடுமாறி மறுபடி விழுகிறார். 65 வயதைக் கடந்த 78 பேரை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஹேலோ அணிந்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அணியாதவர்களில் 20 சதவீதம். கத்தி வைக்காத வழி என்பதாலேயே அது மென்மையான வழி ஆகிவிடாது. இதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

அறுவை சிகிச்சையிலும் இரண்டு பாதை. முன்கழுத்து வழியாக ஒரே திருகை முளைக்குள் ஏற்றினால் தலை திரும்பும் அசைவு தப்பும். ஆனால் எலும்பு உறுதியாக இருக்க வேண்டும், முறிவு புதிதாக இருக்க வேண்டும், உடைந்த கோடு திருகின் திசையிலேயே ஓடக் கூடாது. முதியவரின் எலும்பில் திருகு பிடிக்காமல் போகலாம். விழுங்குவதிலும் சிரமம் வரும். அதனால் இவருக்குப் பின்கழுத்து வழியே சிறந்தது: அட்லஸில் இரண்டு திருகு, ஆக்சிஸில் இரண்டு, அவற்றை இணைத்து இரு எலும்பையும் ஒன்றாக்குவது. மும்பையின் அதுல் கோயல் 1994-இல் தகடும் திருகுமாக எழுதிய முறையை ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001-இல் கம்பிகளோடு மாற்றியமைத்தார். இன்று உலகெங்கும் இருவர் பெயராலும் அது வழங்குகிறது. திருகு போகும் இடத்தை ஒட்டியே மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளம் வளைந்து செல்வதால், அதன் போக்கை முன்கூட்டி ஸ்கேனில் பார்த்துவிடுவார்கள். விலை: தலை திரும்புவதில் பெரும் பங்கு போய்விடும். வண்டியைப் பின்னால் எடுக்க இனி உடலோடு திரும்ப வேண்டும்.

மயக்க மருந்தையே தாங்க முடியாத 86 வயதுக்காரர் என்றால் முடிவு வேறு. கெட்டியான காலர் மட்டும் போட்டு, எலும்புக்குப் பதில் நார்த்திசு பிணைத்தாலும் போதும் என்று ஏற்பார்கள். பலருக்கு அதுவே போதுமான பிடிப்பைத் தருகிறது. பன்னிரண்டு வாரம் கழித்துக் கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எக்ஸ்ரே எடுத்து, முளை நகர்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகும் சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுவது, நடை தள்ளாடுவது, இரு கைகளிலும் மரத்துப்போவது ஆகியவை தெரிந்தால், தண்டுவடம் மெல்ல அழுத்தப்படுகிறது என்று பொருள். அப்போது முன்பு தள்ளிவைத்த அறுவை சிகிச்சையைப் பற்றி மீண்டும் பேசத்தான் வேண்டும்.