எட்டாம் சேனல் காலியாக இல்லை

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை போன மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். இரவு ஒன்பது மணி ஆனதும் வீடியோ கால் நின்று நின்று வருகிறது, இணைப்பு கொடுத்தவர்களோ லைனில் குறையே இல்லை என்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று வைஃபை அனலைசர் ஒன்றைப் போனில் இறக்கிப் படம் பிடித்திருக்கிறாள். கூடவே ஒரு கேள்வி: “அண்ணா, எட்டாம் நம்பர்ல யாருமே இல்ல. நம்ம ரவுட்டரை அங்க மாத்திடட்டுமா?”

அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கீழே 1 முதல் 13 வரை சேனல் எண்கள். ஒவ்வொரு வீட்டு வைஃபையும் ஒரு வில் போல வளைந்து நிற்கிறது. வில்லின் உச்சி எந்த எண்ணின் மேல் இருக்கிறதோ அதுதான் அந்த வைஃபையின் சேனல். உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு பலமாக அது நம் வீட்டுக்குள் கேட்கிறது என்று அர்த்தம். தங்கையின் படத்தில் 1ஆம் சேனலில் மூன்று வில்கள், 4இல் ஒன்று, 6இல் இரண்டு, 11இல் ஐந்து. அவளுடைய ரவுட்டர் 3இல் இருந்தது. எட்டின் மேல் எந்த உச்சியும் இல்லை.

ஆனால் வில்லுக்கு உச்சி மட்டுமா, இரண்டு கால்களும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபைக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே 6ஆம் சேனலில் இருப்பவர் உண்மையில் 4 முதல் 8 வரை கால் நீட்டிப் படுத்திருக்கிறார். 11இல் இருப்பவர் 9 முதல் 13 வரை. எட்டில் போய் உட்கார்ந்தால் நம் கால்கள் 6 முதல் 10 வரை நீளும். இந்தப் பக்கம் இரண்டு வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு, எல்லார் மேலும் படும். ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்படி வழக்கமாக எடுக்கும் மூன்று 1, 6, 11. ரவுட்டர் தெரிந்தவர்கள் இந்த மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

“சரி, அந்த மூணுலயும் ஏற்கெனவே ஆள் இருக்காங்களே, அது மட்டும் பரவாயில்லையா?” என்றாள். பரவாயில்லை. இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். வைஃபைக்குப் பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் உண்டு. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்களுக்கு ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியும். இவ்வளவு நேரம் பேசப்போகிறேன் என்று முதலிலேயே ஒன்று அறிவிக்கும், மற்றது அதுவரை காத்திருக்கும். வேகம் பங்கு போகும், ஆனால் பேச்சு கெடாது. பாதி மட்டும் மேலே படும் சேனலில் இருந்தால் அந்தப் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். புரியும் பேச்சு -82 dBm அளவுக்குக் கேட்டாலே ரவுட்டர் வழிவிட வேண்டும் என்பது விதி. புரியாத இரைச்சலுக்கு வழிவிட அது -62 அளவுக்கு, அதாவது நூறு மடங்கு பலமாக, இருக்க வேண்டும். 6இல் இருந்த பலமான வில்லின் உச்சி -64. எட்டில் இருந்து கேட்டால் அதிலும் ஒரு பகுதிதான் வரும். ஆக, இவளும் வழிவிட மாட்டாள், அவரும் விட மாட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், தகவல் சிதையும், மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். வீடியோ கால் உறைவது அந்த மறு அனுப்புதலில்தான். இப்போது 3இல் அவள் பட்ட பாடும் இதேதான்: ஒருபுறம் 1, நடுவே 4, மறுபுறம் 6.

மூன்றில் எது? ஐந்து வில் நிற்கும் 11ஐ விட்டு, இரண்டே நிற்கும் 6ஐ எடுக்கத் தோன்றும். நான் 11ஐச் சொன்னேன். தலைகளை எண்ணுவதைவிட உயரத்தைப் பார்க்க வேண்டும். 11இல் இருந்த ஐந்தும் -81, -84, -86, -88, -90. தெருக்கோடியில் இருந்து கேட்கும் முணுமுணுப்பு. 1இல் மேல்வீட்டு வைஃபை -58இல் நின்றது. இந்த அளவுகோலில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த ஐந்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் மேல்வீட்டு ஒன்றின் பலத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் வருகிறது. 6இலோ -64 உடன், 4இல் இருப்பவரின் காலும் சேர்ந்து படுகிறது. அப்படி 4இல் போய் உட்கார்ந்தவரும் ஒருநாள் இதே போல ஒரு படத்தைப் பார்த்து, காலி இடம் என்று நினைத்திருக்கலாம்.

முடிவு சொல்லும் முன் இன்னும் இரண்டு படம் கேட்டேன். முதல் படம் ஹாலில் டிவி பக்கத்தில் எடுத்தது. லேப்டாப் இருப்பதோ பின் அறையில். ரவுட்டர் அருகே ஒன்று, பின் அறையில் ஒன்று, இரண்டும் இரவு ஒன்பதுக்கு. ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி இரண்டு நிமிடத்தில் நான்கு முறைதான் சுற்றுப்புறத்தைத் தேட முடியும், அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு நிமிடம் நின்றுதான் படம் பிடிக்க வேண்டும். நடந்துகொண்டே எடுத்தால் முந்தைய அறையின் படம்தான் கிடைக்கும். இரண்டிலும் 11 தாழ்வாகவே இருந்தது.

இந்தப் படத்துக்குத் தெரியாதவையும் உண்டு. யார் வீட்டில் இரவெல்லாம் சினிமா ஓடுகிறது, யார் வீட்டில் ரவுட்டர் சும்மா இருக்கிறது என்பதை உயரம் சொல்லாது. இதே அலைவரிசையில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு படத்தில் தெரியவே தெரியாது. அதனால் மாற்றியபின் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது.

ரவுட்டர் பக்கத்தில் 2.4 GHz பகுதிக்குப் போய் Channel என்பதை Auto-விலிருந்து 11 ஆக்கினாள். Channel Width 40 MHz என்று இருந்ததை 20 MHz ஆக்கச் சொன்னேன். 40 என்றால் இந்தச் சிறிய இடத்தில் ஒரே ஆள் இரண்டு பாய் விரித்துப் படுப்பது போல. பிறகு பின் அறை லேப்டாப்பில் இது:

```
ping -n 50 192.168.1.1
```

இது ரவுட்டரைத் தொட்டுத் திரும்புவதோடு சரி, இணைய லைனுக்குப் போவதே இல்லை. ஆகவே இதில் தடுமாற்றம் தெரிந்தால் குற்றம் வீட்டுக்குள்ளே, வைஃபையில். (உங்கள் ரவுட்டரின் எண் வேறாக இருக்கலாம்.) மாற்றும் முன் 3 மில்லிசெகண்ட், 4, திடீரென்று 180, பிறகு ஒரு பதிலே இல்லை, மறுபடி 5 என்று வந்தது. மாற்றிய பின் ஐம்பதில் பெரும்பாலானவை 2க்கும் 6க்கும் இடையில். அன்றிரவு மாப்பிள்ளையிடம் பேசும்போது முகம் உறையவில்லை.

ஒரு வாரம் போனது. மின்வெட்டுக்குப் பிறகு மறுபடி தடுமாற்றம் என்றாள். புதுப் படத்தில் மேல்வீட்டு வில் 1இலிருந்து 11க்கு வந்து நின்றது. பல ரவுட்டர்கள் Auto-வில் இருந்தால் மின்சாரம் வந்து எழும் அந்த நேரத்தில் ஒருமுறை பார்த்து இடம் பிடிக்கும், அப்புறம் அசையாது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தால் யார் எங்கே உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது. தங்கை மாடிக்குப் போய் மேல்வீட்டு அக்காவிடம் படத்தைக் காட்டியிருக்கிறாள். அவர்கள் ரவுட்டர் இப்போது Auto இல்லை, 1இலேயே நிற்கிறது, இவளுடையது 11இல். 4இல் இருப்பவர் எந்த வீடு என்று இன்னும் இருவரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.