பவுண்டில் உறைந்து, ரூபாயில் அசையும் ஓய்வூதியம்: பிரிட்டனில் உழைத்து இந்தியா திரும்பியோர் அறிய வேண்டியவை

கொல்கத்தா: பிரிட்டனில் பல ஆண்டுகள் பணியாற்றி, முதுமையில் தாயகம் திரும்பும் இந்தியர்களுக்கு அந்நாட்டின் அரசு ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். ஆனால் அவர்கள் இந்தியாவில் குடியேறும் நாளில் அத்தொகை எவ்வளவாக இருக்கிறதோ, அவ்வளவிலேயே நின்றுவிடும். பிரிட்டனில் வசிப்போருக்கு ஆண்டுதோறும் ஏப்ரலில் வழங்கப்படும் உயர்வு இவர்களுக்குக் கிடையாது.

இந்தியாவில் 'அரசு ஓய்வூதியம்' என்றால் அரசு ஊழியருக்குரியது என்றே பொருள் கொள்ளப்படுகிறது. பிரிட்டனில் அப்படியல்ல. தனியார் நிறுவனத்தில் வேலை செய்தவராயினும், பேருந்து ஓட்டியவராயினும், தேசியக் காப்பீட்டுக்குப் பங்களிப்புச் செலுத்திய எவரும் அதைப் பெறலாம். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய முறையின்படி, முழுத் தொகை பெறப் பொதுவாக 35 ஆண்டுப் பங்களிப்பும், ஏதேனும் ஒரு தொகை பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பங்களிப்பும் வேண்டும். குடியுரிமை ஒரு நிபந்தனை அல்ல. எந்த நாட்டில் வாழ்ந்தாலும் கோரலாம். எந்த நாட்டில் வாழ்கிறார் என்பது உயர்வு கிடைக்குமா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். 2016 மே மாதம் 65 வயது நிறைந்து, முழு ஓய்வூதியம் பெறத் தொடங்கிய ஒருவர், அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி கொல்கத்தாவின் அலிப்பூரில் உள்ள குடும்ப வீட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முழுத் தொகை வாரத்துக்கு 155.65 பவுண்டு. 2025-26 நிதியாண்டில் பிரிட்டனில் வசிக்கும் அவருடைய பழைய சக ஊழியர் வாரத்துக்கு 230.25 பவுண்டு பெற்றார். அலிப்பூர்க்காரருக்கு இன்றும் 155.65 பவுண்டுதான். இருவரும் செலுத்திய பங்களிப்பு ஒன்றே. ஆண்டுக்கு வித்தியாசம் 3,879 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் எனக் கொண்டால் ஏறத்தாழ 4.46 லட்சம் ரூபாய்.

இதே மனிதர் அமெரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ குடியேறியிருந்தால் உயர்வு கிடைத்திருக்கும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளிலும், பிரிட்டனுடன் இதற்கென உடன்பாடு உள்ள வேறு சில நாடுகளிலும் வசிப்போருக்கு அது வழங்கப்படுகிறது. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா ஆகியவை அப்பட்டியலில் இல்லை. இவ்வாறு தொகை உறைந்த நிலையில் வாழ்வோர் உலகெங்கும் சுமார் 4.5 லட்சம் பேர்.

இதை எதிர்த்து நடந்த முக்கிய வழக்கு, தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனட் கார்சன் என்ற பெண்மணி தொடுத்தது. அவரது அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 67.50 பவுண்டில் நின்றுபோனது. வசிக்கும் இடத்தைக் காரணமாகக் காட்டிப் பாகுபடுத்துவது உரிமை மீறல் என்று அவர் வாதிட்டார். பிரிட்டன் நீதிமன்றங்களில் தோற்ற பின், மேலும் சிலருடன் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். 2010 மார்ச் 16இல் 11 நீதிபதிகள் அவருக்கு எதிராகவும் 6 பேர் ஆதரவாகவும் தீர்ப்பளித்தனர். உள்நாட்டின் விலைவாசியையொட்டி உயர்த்தப்படும் தொகையை, வேறு பொருளாதாரத்தில் வாழ்வோர் அதே அளவில் கோர முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். எனவே இது இனி நீதிமன்றத்தைக் காட்டிலும் அரசுகளுக்கு இடையிலான பேச்சையே சார்ந்துள்ளது. 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி அறிவிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்பு ஏற்பாடு, தற்காலிகமாக அனுப்பப்படும் பணியாளர்கள் இரு நாடுகளிலும் பங்களிப்புச் செலுத்துவதைத் தவிர்ப்பதற்கானது. ஓய்வூதிய உயர்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிரிட்டனுக்குச் சென்று சில வாரங்கள் தங்கினால், தங்கும் காலத்துக்கு மட்டும் நடப்பு விகிதத்தில் தொகை பெறலாம். அதற்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். அலிப்பூர் திரும்பியதும் தொகையும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அங்கேயே மீண்டும் குடியேறினால் மட்டுமே புதிய விகிதம் நிலைக்கும்.

பணம் வரும் இரு வழிகள்

ஓய்வூதியத்தை 4 வாரத்துக்கு ஒருமுறையோ 13 வாரத்துக்கு ஒருமுறையோ பெறலாம். நம் எடுத்துக்காட்டில் 4 வாரத் தொகை 622.60 பவுண்டு. மாதம் ஒன்று என்று கணக்கிட்டு வங்கிக் கடனுக்குத் தவணை நாள் வைத்துக்கொள்வோர் இங்கே தடுமாறுவதுண்டு. 4 வாரம் என்பது 28 நாள். வரவு நாள் மாதந்தோறும் முன்னுக்கு நகரும். ஆண்டுக்கு 13 தவணை வரும்.

இத்தொகையை நேரடியாக இந்திய வங்கிக் கணக்கில் பெறுவது முதல் வழி. அப்போது அது ரூபாயாக மாற்றப்பட்டே வந்து சேரும். எந்த நாளில், எந்த விகிதத்தில் மாற்றுவது என்பதில் ஓய்வூதியருக்குப் பங்கில்லை. பிரிட்டன் வங்கிக் கணக்கில் பவுண்டாகவே பெற்று, தேவைப்படும்போது இந்தியாவுக்கு அனுப்புவது இரண்டாவது வழி. வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தில் தொடங்கிய கணக்கைத் தாயகம் திரும்பிய பின்னும் வைத்திருக்க இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம் இடமளிக்கிறது. ஆண்டின் ஒரு பகுதியில் இங்கும் மறு பகுதியில் அங்குமாக மாற்றிப் பெற முடியாது. ஏதேனும் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாணய மாற்று எவ்வளவு தூரம் அசைக்கும் என்பதை நம் எடுத்துக்காட்டு மனிதர் திரும்பிய ஆண்டே காட்டியது. 2016 ஜூன் 23இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது குறித்து பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தபோது ஒரு பவுண்டு 100 ரூபாயை ஒட்டி இருந்தது. அக்டோபரில் 82 ரூபாய்க்கு அருகில் இறங்கியது. 62,260 ரூபாயாக இருந்த தவணை 51,053 ரூபாயானது. லண்டனில் ஒரு பென்னியும் குறைக்கப்படவில்லை; கொல்கத்தாவில் 11,000 ரூபாய் குறைந்தது.

பிற்காலத்தில் பவுண்டு 115 ரூபாயைத் தொட்டபோது அதே தவணை 71,599 ரூபாயாக உயர்ந்தது. பலர் இதை ஓய்வூதிய உயர்வு என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் அது ரூபாயின் மதிப்புச் சரிவே. எது நடந்தது என்பதை அறிய, வங்கிக் குறிப்பில் உள்ள ரூபாயைப் பார்த்துப் பயனில்லை. 4 வாரத் தொகையின் பவுண்டு எண் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

நின்றுபோகும் தவணை

இந்தியாவில் உள்ளோருக்குத் தவணை திடீரென நிற்பதற்கு வழக்கமான காரணம் உயிர்வாழ் சான்றுப் படிவமே. பிரிட்டன் ஓய்வூதியத் துறை அவ்வப்போது இதை அஞ்சலில் அனுப்புகிறது. உரிய சாட்சி ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவருடைய ஒப்பத்துடன் திருப்பி அனுப்ப வேண்டும். சாட்சி பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டியதில்லை. இந்திய அரசின் 'ஜீவன் பிரமாண்' மின்னணுச் சான்று இதற்கு மாற்றாகாது. அது இந்திய ஓய்வூதியங்களுக்கானது.

பழைய அலிப்பூரில் ஒரே வளாகத்தில் பங்காளிகள் பிரிந்து வாழும் வீடுகளும், இடிக்கப்பட்டு அடுக்ககமான வீடுகளும் ஏராளம். பழைய முகவரிக்கு வந்த உறை யார் கையிலாவது தங்கிப்போனால், படிவம் திரும்பாத காரணத்தால் பணம் நிறுத்தப்படும். முகவரி மாறினால் பிரிட்டனில் உள்ள பன்னாட்டு ஓய்வூதிய மையத்துக்கு உடனே தெரிவிப்பதே இதற்குத் தீர்வு.

வரி யாருக்கு?

இந்தியா-பிரிட்டன் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கையின்படி, இந்தியாவில் வசிப்பவர் பெறும் இத்தகைய ஓய்வூதியத்துக்கு வரி விதிக்கும் உரிமை இந்தியாவுக்கே உண்டு. பிரிட்டன் அரசு ஊழியராக இருந்து பெறும் ஓய்வூதியத்துக்குத் தனி விதி உள்ளது. அது பொதுவாக அந்நாட்டிலேயே வரிக்கு உட்படும், பெறுபவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனாக இருந்தால் தவிர.

ஆகவே 'வசிப்பவர்' யார் என்பதே கேள்வி. நம் எடுத்துக்காட்டு மனிதர் 2016-17 நிதியாண்டில் இந்தியாவில் இருந்தது 151 நாள். 182 நாளை எட்டவில்லை. ஆயினும் அவர் நிரந்தரமாகத் திரும்பியவர் என்பதால் 60 நாள் விதியும் பார்க்கப்படும்; முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்திராவிட்டால் அவ்வாண்டு அவர் வெளிநாட்டவராகவே கருதப்படுவார். 2017-18, 2018-19 ஆகிய இரு ஆண்டுகளில் அவர் வசிப்பவர்; ஆனால் முந்தைய 10 ஆண்டுகளில் 9இல் வெளிநாட்டில் இருந்ததால் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற இடைநிலையில் இருப்பார். 2019-20 முதல் முழுமையான வசிப்பாளர்.

இந்த இடைக்காலத்தில்தான் கவனிக்கப்படாத ஒரு நுணுக்கம் உள்ளது. இடைநிலையில் இருப்பவரின் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இந்தியாவில் வரி இல்லை. ஆனால் இந்தியாவில் 'பெறப்பட்ட' வருமானத்துக்கு உண்டு. ஓய்வூதியம் முதலில் பிரிட்டன் கணக்கில் விழுந்து, பின்னர் சேமிப்பாக இங்கு வந்தால் அது வெளிநாட்டில் பெறப்பட்டது. நேரே கொல்கத்தா வங்கியில் விழுந்தால் இந்தியாவில் பெறப்பட்டதாகிவிடும். வங்கிப் படிவத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினார் என்பதே வரியைத் தீர்மானித்துவிடுகிறது.

முழுமையான வசிப்பாளரான பின் இவ்வேறுபாடு மறைந்துவிடும். முன்னாள் முதலாளி தரும் ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வரும். முதலாளி இல்லாத இந்த ஓய்வூதியத்தைப் பிற வருமானமாகக் காட்டுவதே வழக்கம். அவ்வாறு காட்டும்போது, 2025-26க்கான விதிப்படி, நிதியாண்டின் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கி அறிவிக்கும் வாங்கு விகிதத்தில் ரூபாயாக மாற்ற வேண்டும். எனவே வங்கிக் கணக்கில் சேர்ந்த மொத்தமும் வரிக்கணக்கில் எழுதும் மொத்தமும் ஒத்துப்போகாமல் இருப்பது பிழையன்று.

115 ரூபாய் விகிதத்தில் அவரது ஆண்டுத் தொகையான 8,093.80 பவுண்டு சுமார் 9.31 லட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லையெனில், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குரிய தள்ளுபடியால் வரி ஏதும் இராது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். எளிய படிவமான ஐடிஆர்-1ஐ இவர் பயன்படுத்த முடியாது; ஐடிஆர்-2இல் வெளிநாட்டு வருமானத்தையும், பிரிட்டன் வங்கிக் கணக்கு இருந்தால் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதையும் காட்ட வேண்டும். அப்பட்டியல் மட்டும் நிதியாண்டைப் பின்பற்றாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுகிறது. வெளிநாட்டுக் கணக்கை மறைத்தால், கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. வீடு, நிலம் நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதோருக்கு 2024 அக்டோபர் முதல் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.