ஆர்டரைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

மாசி, பங்குனி வந்தால் கமுதிப் பக்கம் களமெல்லாம் முண்டு வத்தல் காயும். 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கமிஷன் கடையில் போட்டுவிட்டு வருவதோடு நிற்காமல், நாமே வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன என்று யோசிக்கும் இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்படி ஒரு தம்பி, மலேசியாவிலிருந்து கிடைத்த ஆர்டருக்காக வங்கியில் பேக்கிங் கிரெடிட் கேட்டிருந்தார். சாங்ஷன் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, அம்பது லட்சம் சாங்ஷன் ஆயிருச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துரலாமா?"

"கடிதத்தை அப்புறம் பார்ப்போம் தம்பி. முதல்ல ஆர்டரை எடுங்க" என்றேன்.

ஏற்றுமதிக் கடன் பிரிவில் வேலை பார்த்த எனக்கு இது பழகிப்போன வரிசை. பேக்கிங் கிரெடிட் என்பது சரக்கை வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, கப்பல் ஏற்றுகிற வரைக்குமான செலவுக்கு வங்கி கொடுக்கும் கடன். அதை அடைக்கப்போவது ஏற்றுமதி பில்லில் வரும் பணம். அந்த பில் பிறப்பது ஆர்டரிலிருந்து. ஆகவே கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் சரியா தப்பா என்பதை ஆர்டர்தான் சொல்லும். கடிதத்தை மட்டும் தனியாகப் படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

ஆர்டரில் இருந்தது இது: 14 டன் முண்டு வத்தல், நாற்பதடி கண்டெய்னர் ஒன்று. விலை, கிளாங் துறைமுகம் வரை கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்து, அதாவது சி.ஐ.எஃப். கணக்கில், 42,000 டாலர். தூத்துக்குடியில் ஜூன் 30க்குள் கப்பல் ஏறவேண்டும். பணம், பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 60 நாள் கழித்து. எல்.சி. கிடையாது.

முதலில் லிமிட். கடிதத்தில் உள்ள ஐம்பது லட்சம் என்பது உச்ச வரம்பு. எந்த நேரத்திலும் நிலுவை அதைத் தாண்டக் கூடாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. இந்த ஆர்டருக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை, கீழே மார்ஜின் பகுதியில் இருந்த ஒரு வரிதான் முடிவு செய்தது: 'எஃப்.ஓ.பி. மதிப்பு அல்லது சரக்கின் உள்ளூர் மதிப்பு, இதில் எது குறைவோ அதில் 10 சதவீத மார்ஜின் போக.'

தம்பி 42,000 டாலரை அப்படியே ரூபாயாக்கி வைத்திருந்தார். அதில் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்து 2,000 டாலர். அதைக் கழித்தால் எஃப்.ஓ.பி. 40,000 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 34 லட்சம். ஆனால் வத்தல் கிலோ 200 ரூபாய் வீதம் 28 லட்சம், தரம் பிரிக்க, சாக்கு, லாரி என்று இன்னொரு 2 லட்சம், ஆக உள்ளூர் மதிப்பு 30 லட்சம். எது குறைவோ அதுதான் கணக்கு என்பதால் 30 லட்சம். மார்ஜின் போக 27 லட்சம். மீதி 3 லட்சத்தை அவர் கையிலிருந்து போடவேண்டும். வாங்குபவர் முன்பணம் அனுப்பியிருந்தால் அந்த அளவுக்குக் கடன் இன்னும் குறையும்.

"அப்ப அம்பது லட்சம்னு எழுதினது?"

"ரெண்டாவது ஆர்டர் வந்தா அதுக்கு உதவும். இந்த ஆர்டருக்கு இருபத்தேழுதான். விவசாயிககிட்ட விலை பேசும்போது இந்த எண்ணை மனசுல வச்சுக்கங்க."

அடுத்தது, கடனை அடைக்கும் காலம். நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான், ஏனென்றால் முதல் ஏற்றுமதியாளர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். கடிதத்தில் 'பணம் எடுத்த நாளிலிருந்து 90 நாள்' என்று இருந்தது. பேனாவை எடுத்து ஆர்டரின் ஓரத்திலேயே தேதி போட்டோம். வரத்து கூடி விலை கட்டுப்படியாகும் நேரம் பார்த்து மார்ச் 10இல் பணம் எடுத்து வத்தல் வாங்க ஆரம்பிக்கிறார். அதிலிருந்து 90ஆம் நாள் ஜூன் 8. கப்பல் ஏற்றக் கடைசி நாளோ ஜூன் 30. சரக்கு தூத்துக்குடி போய்ச் சேருவதற்கு முன்பே கடன் தவணை தவறியதாகிவிடும்.

சீக்கிரம் ஏற்றிவிட்டால் போச்சு என்று தோன்றும். ஆனால் வத்தல் வாங்கியதும் ஏற்றிவிடக்கூடிய சரக்கு இல்லை. ஒரே நிறம், ஒரே பருமனில் 14 டன் சேரவேண்டும். ஈரப்பதம் சரியான அளவுக்கு இறங்கவேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு சேரும். அதற்காகத்தான் ஸ்பைசஸ் போர்டு மிளகாய் மாதிரியை எடுத்துச் சோதிக்கிறது. தூத்துக்குடியில் அவர்களுக்கு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி தேறவில்லை என்றால் அந்தச் சரக்கை ஒதுக்கி, வேறு சேர்த்து, திரும்பச் சோதிக்கவேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் நாள் ஒதுக்கவேண்டும்.

"சரிண்ணே, 120 நாள் கேட்கிறேன்" என்றார்.

மார்ச் 10இலிருந்து 120ஆம் நாள் ஜூலை 8. கப்பல் ஜூன் 30 ஏறினால், பில் ஆஃப் லேடிங் வாங்கி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சான்றிதழ்கள் எல்லாம் சேர்த்து வங்கியில் கொடுக்க எட்டே நாள். நெருக்கடிதான். 135 நாள் கேட்பது நல்லது.

அதோடு முடிந்துவிடவில்லை. ஆவணத்தை வங்கியில் கொடுத்ததுமே பேக்கிங் கிரெடிட் அடைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி அந்த பில்லை வாங்கினாலோ தள்ளுபடி செய்தாலோதான், அதில் வரும் பணத்தில் பேக்கிங் கிரெடிட் அடையும். கடன் அங்கிருந்து ஏற்றுமதிக்குப் பிந்தைய கடனாக மாறும். பில்லை வசூலுக்கு மட்டும் அனுப்பினால், மலேசியாவிலிருந்து பணம் வரும் வரை பேக்கிங் கிரெடிட் அப்படியே நிற்கும். தம்பியின் ஆர்டரில் 60 நாள் கடன் இருக்கிறதே! ஜூன் 30இலிருந்து 60 நாள் என்றால் ஆகஸ்ட் 29. மார்ச் 10இலிருந்து எண்ணினால் 172ஆம் நாள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பில் வாங்க, தள்ளுபடி செய்ய எந்த லிமிட்டும் அதில் இல்லை. 90ஐ 135 ஆக்கினாலும், அந்த லிமிட் இல்லாமல் இந்தக் கடன் நேரத்துக்கு அடையாது.

இதற்கு மேலே இன்னொரு எல்லைக் கோடும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புச் சுற்றறிக்கைப்படி, கடன் கொடுத்த 360 நாளுக்குள் ஏற்றுமதி ஆவணத்தால் கணக்கு நேராகாவிட்டால், ஏற்றுமதிக் கடனுக்கான வட்டி விகிதம் முதல் நாளிலிருந்தே இல்லாமல் போகும். வங்கி தரும் 90, 135 எல்லாம் அந்தக் கோட்டுக்குள் அது தன் பொறுப்பில் வைக்கும் தவணை.

மூன்றாவது வட்டி. கடிதத்தில் 9.5 சதவீதம் என்று இருந்தது. ரெப்போவோடு சேர்த்து மாறும் விகிதம். 27 லட்சத்துக்கு மாதம் சுமார் 21,400 ரூபாய். 120 நாளுக்கு 84,300 ரூபாய் அளவில். தொகையைவிட முக்கியம், அது எப்போது, எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் என்பது. 'வட்டி மாதந்தோறும் நடப்புக் கணக்கில் பற்று வைக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. அசல் பில்லில் அடையும். வட்டி அதுவரை காத்திருக்காது. பங்குனி, சித்திரையில் கையிலிருந்த காசெல்லாம் வத்தலாகிக் கிடங்கில் கிடக்கும்போது, மாதக் கடைசியில் நடப்புக் கணக்கில் 21,400 இருந்தாகவேண்டும்.

தம்பி தன் கணக்கில் 3 சதவீத வட்டிச் சலுகையைக் கழித்து வைத்திருந்தார். சிறு, குறு, நடுத்தர உற்பத்தியாளர்களுக்கு இருந்த அந்த வட்டிச் சமன்பாட்டுத் திட்டம் 2024 டிசம்பர் 31ஓடு முடிந்தது. அதன் பிறகு வரும் எந்தச் சலுகையையும், உங்கள் சரக்குக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் பொருந்தும் என்று வங்கி எழுதிக் கொடுத்த பிறகுதான் கணக்கில் கழிக்கவேண்டும்.

கடைசியாக, ஆர்டரோடு உள்ள இணைப்பு. கடிதத்தில் ஆர்டர் எண்ணையும் தேதியையும் தேடினோம். எண் சரியாக இருந்தது, தேதி இடித்தது. விலை பேசி முடிந்ததும் வாங்குபவர் அதே எண்ணில் திருத்திய ஆர்டர் அனுப்பியிருக்கிறார். வங்கியிடம் இருந்தது பழையது. பழைய ஆர்டரில் 12 டன், மே 31. நாளைக்கு ஷிப்பிங் பில்லும் இன்வாய்ஸும் 14 டன் என்று வரும்போது, இந்தக் கடன் எந்த ஏற்றுமதிக்கு என்ற கேள்வி எழும். எல்.சி. இல்லாத ஆர்டரில் வாங்குபவர் பெயர், பொருள், அளவு, மதிப்பு, கப்பல் ஏற்றும் தேதி, பணம் தரும் விதம் எல்லாம் தெளிவாக இருக்கவேண்டும். வங்கியின் கோப்பில் இருப்பதும் நம் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும்.

"ஒருவேளை அவங்க ஆர்டரை ரத்து பண்ணிட்டா?"

நியாயமான கேள்வி. வங்கி சம்மதித்தால், வேறொரு ஆர்டருக்கு அனுப்பிய சரக்கின் ஆவணத்தைக் கொடுத்து இந்தக் கடனை அடைக்கலாம். அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கவேண்டும். ஆனால் வத்தலை உள்ளூரிலேயே விற்று அடைத்தால், ஏற்றுமதி நடக்கவில்லை. ஏற்றுமதிக் கடனுக்கான வட்டியும் போய்விடும். வங்கியின் சாதாரண விகிதம் 12 சதவீதம் என்று வைத்தால், 27 லட்சத்துக்கு 120 நாளில் கூடுதலாக 22,000 ரூபாய்க்கு மேல், அதுவும் மார்ச் 10இலிருந்தே கணக்காகும். அதன் மேல் கடிதத்தில் சொன்ன அபராதமும் சேரலாம்.

இந்தக் கடன் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியா, அல்லது ரன்னிங் அக்கவுண்டா என்பதையும் பார்த்தோம். ரன்னிங் அக்கவுண்டில் ஆர்டரைக் காட்டுவதற்கு முன்பே பணம் எடுக்கலாம்; வரும் பில்கள் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். நல்ல ஏற்றுமதிப் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் வங்கி அதைத் தரும். முதல் ஆர்டருக்குத் தனிக் கடன்தான் வந்திருந்தது. அதில் குறையில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும் பணத்துக்கும் அந்தந்த நாளிலிருந்து தனித் தவணை ஓடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 27 லட்சத்தையும் ஒரே நாளில் எடுக்காமல், வத்தல் வாங்க வாங்க எடுத்தால் வட்டியும் மிச்சம், தவணையும் தள்ளிப்போகும்.

அங்கேயே உட்கார்ந்து கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கேட்டது மூன்று: திருத்திய ஆர்டரின் தேதியையும் அளவையும் கடிதத்தில் சேர்க்கவேண்டும், தவணையை 135 நாளாக்கவேண்டும், இதே ஆர்டரின் பில்லை 60 நாள் தவணையில் வாங்கவோ தள்ளுபடி செய்யவோ லிமிட் தரவேண்டும். மூன்றாவது கிடைக்காவிட்டால், மலேசியக்காரரிடம் எல்.சி. கேட்கவேண்டும், அல்லது ஆவணம் பார்த்ததும் பணம் என்று நிபந்தனையை மாற்றச் சொல்லவேண்டும். அதுவும் முடியாவிட்டால் 135க்குப் பதிலாக ஆகஸ்ட் 29ஐத் தாண்டும் தவணை கேட்கவேண்டும்.

"இதெல்லாம் பணம் எடுத்த பிறகு பேசிக்கிட்டா ஆகாதாண்ணே? வத்தல் விலை ஏறிக்கிட்டு இருக்கு."

"முதல் ரூபாய் எடுக்கிற வரைக்கும் இது திருத்தம் தம்பி. எடுத்துட்டா, இதே விஷயத்துக்குப் பேரு தவணை நீட்டிப்பு. அதுக்குக் காரணம் சொல்லணும், கட்டணம் கட்டவேண்டி வரலாம், உங்க கணக்குல அது பதிவாகும். ரெண்டு நாள் பொறுங்க."

கையெழுத்துப் போடாத சாங்ஷன் கடிதத்தையும் எழுதிய கடிதத்தையும் திருத்திய ஆர்டரின் நகலோடு சேர்த்து உறையில் வைத்துக்கொண்டு, வங்கி திறக்கும் நேரம் பார்த்துக் கிளம்பினார்.