அழும் பிள்ளையிடம் "மூச்சை இழு" என்று சொல்லாதீர்கள். "ஊது" என்று சொல்லிப் பாருங்கள்

என் மகனுக்கு அப்போது 5 வயது. கலர் பென்சிலால் அவன் வரைந்து வைத்திருந்த பஸ்ஸை அவனுடைய தங்கச்சி கிழித்துவிட்டாள். அவன் தரையில் விழுந்து கத்தினான். காலால் கதவை உதைத்தான். நான் ஓர் ஆசிரியை. கோபத்தில் இருக்கும் பிள்ளையை நிதானப்படுத்த மூச்சுப் பயிற்சி உதவும் என்று ஆசிரியர் கலாசாலையில் படித்தவள். உடனே அவன் பக்கத்தில் போய், "மகன், மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றேன். "ஏலாது!" என்று அவன் இன்னும் உரக்கக் கத்தினான்.

அன்று பிழை விட்டது அவன் அல்ல, நான்தான். அதுவும் இரண்டு பிழைகள். முதலாவது, அவனுக்கு ஒருநாளும் பழக்கிக் கொடுக்காத ஒன்றை, அழுகையின் உச்சத்தில் செய்யச் சொன்னேன். கிணற்றில் விழுந்தவனுக்கு அந்த நேரத்தில் நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது. இரண்டாவது, "இழு" என்று சொன்னேன்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது நம் இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது. வெளியே விடும்போது சற்று மெதுவாகிறது. எனவே உடலை அமைதிப்படுத்த அதிகம் உதவுவது, நீளமாக வெளியே விடும் மூச்சுதான். கோபத்திலோ பயத்திலோ இருக்கும் பிள்ளை ஏற்கனவே நெஞ்சின் மேற்பகுதியால் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதனிடம் "நல்லா இழு" என்றால், தோள்களை உயர்த்தி, கழுத்தை இறுக்கி இன்னும் காற்றை அடைக்கும். "மெதுவா ஊது" என்றால், ஊதி முடிந்ததும் காற்று தானாகவே உள்ளே வரும். சிறு பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும்.

இதை விளையாட்டாகப் பழக்கலாம். பிள்ளை சந்தோஷமாக இருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்கு ஒரு தடவை, 4 அல்லது 5 மூச்சுகள் போதும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளைக்கு அலுத்துவிடும்.

எங்கள் வீட்டில் எடுபட்டது கஞ்சி விளையாட்டு. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கோப்பை போல் பிடிக்க வேண்டும். அதில் சுடச்சுட நோன்புக் கஞ்சி இருக்கிறது. முதலில் மூக்கால் மணம் பிடிக்க வேண்டும். பிறகு, கஞ்சி வெளியே சிந்தாதபடி மெதுவாக ஊதி ஆறவைக்க வேண்டும். "சிந்தாமல்" என்பதுதான் இதில் முக்கியம். அந்த நிபந்தனை இருப்பதால்தான் பிள்ளை பலமாக ஊதாமல் நீளமாக ஊதுகிறது.

பிள்ளை சரியாக ஊதுகிறதா என்று பார்க்க இன்னொரு விளையாட்டு இருக்கிறது. மெல்லிய கடதாசியில் இரண்டு விரல் அகலத் துண்டொன்றை வெட்டி, பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கப் பிடியுங்கள். வேகமாக ஊதினால் கடதாசி ஒரு தடவை எழும்பி உடனே விழுந்துவிடும். மெதுவாக ஊதினால், நீங்கள் மூன்று எண்ணும் வரை சாய்ந்தபடியே நிற்கும். தூங்கப் போகும் நேரத்தில் பிள்ளையை மல்லாந்து படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு சிறிய பொம்மையை வைக்கலாம். பொம்மை மெதுவாக ஏறி இறங்க வேண்டும். பொம்மை அசையாமல் நெஞ்சு மட்டும் உயர்ந்தால், பிள்ளை இன்னும் மேல்மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அதட்ட வேண்டாம், நீங்களும் பக்கத்தில் படுத்து செய்து காட்டுங்கள்.

தலை சுற்றுகிறது, உதடு விறுவிறுக்கிறது என்று பிள்ளை சொன்னால் அளவுக்கு மிஞ்சி ஊதிவிட்டது. நிறுத்திவிட்டு வழமைபோல் மூச்சுவிட விடுங்கள். மூச்சை அடக்கி வைக்கும் போட்டி வேண்டவே வேண்டாம். பலூனையும் தவிர்த்துவிடுங்கள், சிறு பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடிய பொருள் அது. இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது தேவை வைத்தியர் தந்த மருந்து, இந்த விளையாட்டு அல்ல.

மூச்சு உடலை அமைதிப்படுத்தும். ஆனால் தனக்கு என்ன நடந்தது என்று சொல்லப் பிள்ளைக்கு வார்த்தை வேண்டும். கோபம், பயம், கவலை, சந்தோஷம் ஆகிய நான்கோடு தொடங்குங்கள். அவை பழகிய பின் வெட்கம், ஏமாற்றம், பொறாமை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வார்த்தையை உடம்போடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு இலகுவாக விளங்கும். "கோவம் வந்தா கை இறுகும், முகம் சுடும். பயம் வந்தா நெஞ்சு படபடக்கும்." பாடசாலை நாட்களில் மட்டும் காலையில் "வயிறு குத்துது" என்று சொல்லும் பிள்ளைகளை தரம் 1 வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். முதலில் நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். நோய் இல்லையென்றால், அது பொய் சொல்கிறது என்று முடிவெடுக்காதீர்கள். பயம் என்ற சொல் கைவசம் இல்லாத பிள்ளை, பயத்தை வயிற்றில்தான் உணர்கிறது.

வார்த்தையைக் கொடுக்கும்போது தீர்ப்பாகச் சொல்லாமல் ஊகமாகக் கேளுங்கள். "உனக்குப் பொறாமை" என்றால் அது ஏச்சாகிவிடும். "கோவமா, கவலையா?" என்று கேட்டால் பிள்ளை தெரிவு செய்யும், சில நேரம் நம்மைத் திருத்தும். "ஆம்பிளப் புள்ள அழுறதா?" என்று கேட்டால், கவலை என்ற சொல்லையே அது ஒளித்துவிடும். பிறகு கோபம் மட்டும்தான் வெளியே வரும். நம் உணர்வையும் பிள்ளையின் முன் பெயர் சொல்லிப் பேசலாம்: "பஸ் தவறிட்டு, உம்மாக்கு எரிச்சலா இருக்கு. கொஞ்சம் ஊதிட்டு வாறன்."

மூன்று வாரம் இப்படிப் பழகிய பின், தங்கச்சி மறுபடியும் அவனுடைய கொப்பியை இழுத்துக் கிழித்தாள். அவன் மறுபடியும் கத்தினான். இந்த முறை நான் தங்கச்சியை அப்பால் தூக்கி வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எதுவும் சொல்லாமல் என் கைகளைக் கோப்பையாகப் பிடித்து ஊதினேன். முதல் இரண்டு தடவையும் அவன் பார்க்கவில்லை. பிறகு அழுகைக்கு இடையில் சிறு இடைவெளிகள் வந்தன. தோள் இறங்கியது. என் கையிலிருந்த கஞ்சியை அவனும் ஊதினான். அதற்குப் பிறகுதான் கேட்டேன்: "கோவமா, கவலையா?"

"ரெண்டும். நான் அத வாப்பாக்குக் காட்ட வச்சிருந்தன்."

முதல் நாள் கதவை உதைத்ததற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கும். அன்று அதைச் சொல்ல அவனிடம் வார்த்தை இருக்கவில்லை. அழுகை நின்றுவிட்டது என்பதற்காக விடயம் முடிந்துவிடவில்லை. கிழிந்த தாளை டேப் போட்டு ஒட்டினோம். கொப்பியைத் தங்கச்சிக்கு எட்டாத தட்டில் வைத்தோம். ஊதச் சொல்லிவிட்டு பிள்ளையின் முறைப்பாட்டை நாம் கேட்காமல் விட்டால், வாயை அடைக்கத்தான் ஊதச் சொல்கிறார்கள் என்று அது விளங்கிக்கொள்ளும். "போ, மூலையில போய் ஊது" என்று தண்டனையாக்கினாலும் நடப்பது அதுதான்.

எல்லாப் பிரச்சினைக்கும் இது மருந்தல்ல. பல வாரங்களாக நாளாந்தம் நெடுநேரம் அழுகை அடங்காவிட்டால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டால், உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். அழும்போது மூச்சு அடங்கி உதடு நீலமாகும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டிய பிறகே இந்த விளையாட்டுகளைத் தொடங்குங்கள்.