போர்டில் ஏழாயிரம், கையில் எவ்வளவு?

சென்னை ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கம் முதல் சோழிங்கநல்லூர் வரை எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் லேடீஸ் ஹாஸ்டல் போர்டு தொங்கும். ‘மூணு ஷேரிங், ஏசி, சாப்பாட்டோடு 7,000’ என்று போட்டிருக்கும். தென்காசியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ முதல் வேலைக்கு வருகிற பெண்ணுக்கு அந்த எண்தான் கண்ணில் படும். ஆனால் மாதாமாதம் அவள் கையை விட்டுப் போவது அந்த எண் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்வான்ஸ் 10,000. காலி செய்யும்போது ‘மெயின்டனன்ஸ்’ என்று அதில் 4,000 பிடித்துக்கொள்வார்கள். கரன்ட் தனி: அறைக்கு ஒரு சப் மீட்டர், யூனிட் 12 ரூபாய். ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் நாளுக்கு 8 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 240 யூனிட், 2,880 ரூபாய். மூன்று பேர் பிரித்தால் தலைக்கு 960. ஞாயிறு இரவு மெஸ் கிடையாது. வெளியே சாப்பிட மாதம் 600. ஆறே மாதத்தில் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றிவிட்டால், பிடித்த 4,000 மாதத்துக்கு 667 ஆகப் பிரியும். மொத்தம் 9,227 ரூபாய். பக்கத்துத் தெருவில் கரன்டும் ஏழு நாள் சாப்பாடும் சேர்த்து 9,000, அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்கிற ஹாஸ்டல் இருந்தால், போர்டில் விலை கூடத் தெரியும் அதுதான் மலிவு. அதே பெண் ஒரு வருடம் தங்கினால் பிடித்தம் மாதத்துக்கு 333 தான். முதல் இடம் 8,893க்கு வந்துவிடும். ஆகவே, எத்தனை மாதம் இருக்கப்போகிறோம் என்பதை யோசிக்காமல் வாடகையை ஒப்பிடுவதில் பயனில்லை.

இந்த விவரம் எதையும் ஹாஸ்டல்காரர் தானாகச் சொல்ல மாட்டார். “காலி பண்ணும்போது எவ்வளவு பிடிப்பீங்க அக்கா? எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?” என்று நாம்தான் கேட்கவேண்டும். பெரும்பாலும் ஒரு மாத நோட்டீஸ் கேட்பார்கள். சில இடங்களில் மாத முதல் தேதியில் சொன்னால்தான் செல்லும். ஐந்தாம் தேதி சொன்னால் அடுத்த மாத வாடகையும் போச்சு. பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கிவிடுங்கள், அட்வான்ஸுக்கு ரசீதும் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடம், திருப்பித் தரும்போதும் தயங்கும். வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று சேர்த்தால் அதையும் கேளுங்கள்: தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவருக்கு, மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்கும் கட்டணத்துக்கு 2024 ஜூலையிலிருந்து வரிவிலக்கு உண்டு.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கேட் மூடும் நேரத்தைத்தான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் லைசென்ஸ். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். இருந்தும், ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, ஹாலில் நாலு கட்டில் போட்டு ‘பிஜி’ என்கிறவர்கள் ஏராளம். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் அப்படியொரு விடுதியில், நடத்தியவரே ரகசிய கேமராக்கள் வைத்திருந்ததைத் தங்கியிருந்த பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலை ஃப்ரிட்ஜிலிருந்து தீ பரவி உயிர்கள் போயின.

அதனால் அறையைப் பார்க்கும்போது மெத்தையை அமுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம், வார்டன் அதே கட்டடத்தில் தூங்குகிறாரா என்று பாருங்கள். ஒரே பிளக்கில் அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் ஹீட்டரும் செருகியிருந்தால் வயரிங்கின் லட்சணம் தெரிந்துவிடும். போகிற நேரம் சாயங்காலம் ஏழரை மணியாக இருக்கட்டும். அப்போதுதான் தங்கியிருக்கும் பெண்கள் வேலை முடிந்து வந்திருப்பார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், போன தடவை காலி செய்தவளுக்குப் பணம் வந்ததா என்பதை அவர்களிடம் வார்டன் இல்லாதபோது கேட்டால் உண்மை வரும்.

ஊரில் இருந்துகொண்டே, போட்டோவை மட்டும் பார்த்து ஜிபேயில் அட்வான்ஸ் போடவே வேண்டாம். “இன்னும் ஒரு பெட்தான் இருக்கு, இப்பவே போடுங்க” என்று அவசரப்படுத்தும் புரோக்கர்தான் பணம் வந்ததும் போனை எடுக்காதவர். முதல் சில நாளைச் சொந்தக்காரர் வீட்டிலோ தினவாடகை அறையிலோ கழித்துவிட்டு நேரில் தேடுவது நல்லது. அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளும் உண்டு. தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் வேலை என்றால் முதலில் அங்கே இடம் கிடைக்குமா என்று பார்க்கலாம். ஓ.எம்.ஆரில் வேலை என்றால் தினசரி பஸ் நேரத்தையும் கட்டணத்தையும் மேலே போட்ட கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுங்கள்.